ஆள் படத்தில் முதலில் எதைத் திருத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறது. காலை பத்தரை மணி. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நரைத்த மீசை, நெற்றியில் மெல்லிய திருநீறு. படத்தின் இடப்பக்கம் இளம்பச்சை அடித்த சுவர். வலப்பக்கம் வெயில் விழுந்த தெரு. முகத்தில் நேர் வெயில் இல்லை, தெருவிலிருந்து எகிறி வரும் வெளிச்சம்தான். கேமராவை ஆட்டோ முறையில் வைத்து எடுத்த ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்ததை நசுக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு. திருத்துவது கணினியில், லைட்ரூம் கிளாசிக்கில். ஸ்லைடர்களின் பெயரைத் திரையில் தெரிகிறபடியே எழுதியிருக்கிறோம். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் இதே வேலைகள்தான், எண்கள் மட்டும் மாறும்.

படத்தைத் திறந்துவிட்டேன். எந்த ஸ்லைடரில் முதலில் கை வைப்பது?

Exposure. முகத்தின் வெளிச்சம் சரியாகிற வரைக்கும் மற்ற எதையும் தொட வேண்டாம். இருட்டாக இருக்கும் முகத்தின் நிறம் சரியா தவறா என்று கண்ணால் சொல்லவே முடியாது. இருட்டில் எல்லாத் தோலும் கொஞ்சம் செம்மண் நிறமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து நிறத்தைத் திருத்திவிட்டுப் பிறகு வெளிச்சத்தை ஏற்றினால், திருத்தியது தப்பு என்று அப்போதுதான் தெரியும்.

வெளிச்சத்துக்குப் பிறகு நிறம், அதாவது நீலம்-மஞ்சளை நகர்த்தும் Temp, பச்சை-மெஜந்தாவை நகர்த்தும் Tint இரண்டும். அதன் பிறகு கிராப். பின்பு முகத்தில் இருக்கும் பரு, தூசி போன்றவை. கடைசியில் முகம், கண் என்று குறித்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதாவது மாஸ்க் போட்டுச் செய்யும் சிறு வேலைகள். புதிதாக வருபவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். திறந்ததும் தோலை வழவழப்பாக்கப் போய்விடுகிறார்கள். பச்சை படிந்த இருட்டு முகத்தை எவ்வளவு தேய்த்தாலும் அது வழவழப்பான பச்சை முகம்தான்.

உட்காருவதற்கு முன் திரையைக் கவனியுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி கணினியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். இருட்டறையில் திரையை முழுப் பிரகாசத்தில் வைத்து வேலை செய்தால், உங்களுக்குச் சரியாகத் தெரியும் படம் பிரிண்டில் இருட்டாக வரும்.

கேமரா ஆட்டோவில்தானே எடுத்தேன்? முகம் ஏன் இருட்டாக வந்தது? எவ்வளவு ஏற்றலாம்?

கேமராவுக்கு முன்னால் இருப்பது முகமா வேட்டியா என்பது வெளிச்சம் அளக்கும் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. கண்ணில் படுவதையெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. திண்ணைப் படத்தில் பாதிக்கு மேல் வெள்ளைத் துணி. ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்துக் குறைத்துவிட்டது. துணியோடு சேர்ந்து முகமும் இறங்கிவிட்டது. இதற்கு எதிர்மாறாக, கறுப்புத் திரைக்கு முன்னால் நிற்கும் ஆளின் முகம் வெளுத்து வரும். முகத்தை அடையாளம் காணும் கேமராக்களும் ஃபோன்களும் இதை ஓரளவு சமாளிக்கும், ஆனாலும் முழுதாக நம்ப முடியாது.

ஏற்றும்போது வேட்டியைப் பார்க்காதீர்கள், பின்னணியைப் பார்க்காதீர்கள். கன்னத்தில் வெளிச்சம் விழும் பக்கத்தை மட்டும் பாருங்கள். Exposure ஸ்லைடரை வேண்டுமென்றே +1.5 வரை கொண்டுபோங்கள். முகம் கழுவிவிட்டாற்போல் வெளுக்கும். அங்கிருந்து மெதுவாகக் கீழே இறக்கி, கன்னத்தில் ‘சதை’ தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். கீழிருந்து மேலே ஏற்றுவதைவிட இப்படி மேலிருந்து இறங்குவது எளிது. இருட்டுக்குக் கண் சீக்கிரம் பழகிவிடும், வெளுப்பு உடனே உறுத்தும். பெரியவரின் படம் +0.70-இல் நின்றது.

பிறகு படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் கண் போகும் இடம் முகமாக இருக்க வேண்டும். வேட்டிக்குப் போனால் வேலை மிச்சம் இருக்கிறது.

முகத்தைத் தூக்கினால் சட்டை வெளுத்து மடிப்பெல்லாம் காணாமல் போகிறதே?

Highlights ஸ்லைடரை இறக்குங்கள். இந்தப் படத்தில் −45 போதுமாக இருந்தது, சட்டைப்பையின் தையல் திரும்பத் தெரிந்தது. ரா ஃபைலில் இந்த வசதி உண்டு, திரையில் வெளுத்துத் தெரிந்தாலும் கோப்புக்குள் விவரம் இருக்கலாம். இப்போது எந்த இடங்கள் வெளுத்துத் தெரிகின்றன என்று பார்க்க, கீபோர்டில் J எழுத்தைத் தட்டினால் அறவே வெளுத்த இடங்கள் சிவப்பாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியது Shadows. அதை +60, +70 என்று ஏற்றினால் முகத்தின் இருட்டுப் பக்கம், மூக்கடி, தாடைக்கீழ் எல்லாம் நிரம்பி, முகம் தட்டையான அட்டைபோல் ஆகிவிடும். மூக்கு இருக்கிறது என்று நமக்குச் சொல்வதே அதன் நிழல்தான். ஆள் படத்தில் Shadows +20-ஐத் தாண்ட வேண்டிய தேவை வந்தால், Exposure போதாமல் இருக்கிறது என்று பொருள்.

ஒயிட் பேலன்ஸ் துளிக்குழாயை வேட்டியில் வைத்துச் சொடுக்கினேன், படமே மஞ்சளாகிவிட்டது. வெள்ளை வெள்ளைதானே?

நீலம் போட்ட வேட்டி வெள்ளை இல்லை, வெளிர் நீலம். நம் கண் அதைப் ‘பளிச்’ என்று எடுத்துக்கொள்ளும், மென்பொருளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நீங்கள் சொடுக்கிய இடத்தைச் சாம்பலாக்கு என்பதுதான் அந்தத் துளிக்குழாய்க்கு நீங்கள் கொடுக்கும் கட்டளை. நீலத்தைக் கொன்று சாம்பலாக்க அது படம் முழுக்க மஞ்சளை ஊற்றுகிறது. நீலம் போடாத துணியிலும் இதே சிக்கல் வரலாம். சலவைத் தூளில் இருக்கும் வெளுப்பேற்றிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்புகின்றன. நிழலில் எடுத்த படத்தில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

திருநீறும் ஏமாற்றும். மெல்லிசாகப் பூசியிருந்தால் அடியிலிருக்கும் தோல் நிறம் கலந்துவிடும். கண்ணின் வெண்மையிலும் சொடுக்க வேண்டாம், அதில் ரத்த நாளங்களின் சிவப்பு இருக்கிறது.

பெரியவரின் படத்தில் நம்பத் தகுந்த இடம் அவருடைய நரைத்த மீசை. நரைமுடி சாம்பலுக்கு மிக அருகில் இருக்கும். புகையிலைக் கறையோ மருதாணியோ இல்லாவிட்டால் சரி. W எழுத்தைத் தட்டித் துளிக்குழாயை எடுத்து, தெரு வெளிச்சம் விழும் பக்கத்து மீசையில் வைத்துச் சொடுக்கினால் 5100-இல் இருந்த Temp 5350-க்கும், +8-இல் இருந்த Tint +20-க்கும் போயின. Tint அவ்வளவு நகர்ந்ததற்குக் காரணம் சுவரின் பச்சை. பச்சைக்கு எதிர் நிறம் மெஜந்தா, அதைத்தான் மென்பொருள் சேர்த்திருக்கிறது.

நரைமுடி இல்லாத இளம் ஆட்களின் படத்தில் வெறும் சிமென்ட் தரை, கான்கிரீட் தூண், கடிகாரத்தின் எஃகுச் சங்கிலி போன்றவற்றைத் தேடுங்கள். எதுவும் இல்லையென்றால், அடுத்த முறை படம் எடுக்கும்போதே ஒரு சாம்பல் அட்டையை அவர் கையில் கொடுத்து முதலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதில் சொடுக்கிக் கிடைத்த எண்களை அதே இடத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் ஒட்டிவிடலாம்.

தோல் நிறம் சரியாக வந்துவிட்டதா என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். படத்தின் மேல் கர்சரை நகர்த்தினால், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமுக்குக் கீழே R, G, B என்று மூன்று எண்கள் சதவீதமாக ஓடும். இயல்பான வெளிச்சத்தில் எந்த மனிதத் தோலாக இருந்தாலும் R பெரியது, G நடுவில், B சிறியது. கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று நாம் சொல்வதில் பெருமளவு மாறுவது வெளிச்சமும் நிற அடர்த்தியும். அடிப்படைச் சாயல் எல்லாருக்கும் செம்மஞ்சளைச் சுற்றியே இருக்கிறது.

பெரியவரின் கன்னத்தில், திருத்துவதற்கு முன் R 41, G 38, B 29 என்று இருந்தது. R-க்கும் G-க்கும் மூன்றே புள்ளி வித்தியாசம். அதுதான் பச்சை படிந்ததன் அடையாளம், உடம்புக்கு முடியாதவர் மாதிரி தெரிந்ததற்கும் காரணம். வெளிச்சம், நிறம் இரண்டையும் திருத்திய பிறகு R 54, G 46, B 37. மூன்றும் படிப்படியாக இறங்குகின்றன.

இந்த எண்களை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம், இன்னொருவருக்கு வேறு எண்கள் வரும். பார்க்க வேண்டியது இடைவெளியை. G எழும்பி R-ஐ ஒட்டினால் பச்சை அல்லது மஞ்சள். B எழும்பி G-ஐ ஒட்டினால் முகம் ஊதாவோ இளஞ்சிவப்போ அடிக்கும். உதடு, காது மடல், மூக்கு நுனி ஆகிய இடங்களில் அளக்காதீர்கள், அங்கே ரத்தம் அதிகம், சிவப்பு கூடுதலாகத்தான் காட்டும். மஞ்சள் பூசிக் குளித்த முகமென்றால் மஞ்சள் இருக்கத்தான் வேண்டும், நலங்குப் படத்தில் அதை எடுக்கப் போய்விடாதீர்கள்.

சுவர்ப் பக்கத்துக் கன்னம் மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது. Tint-ஐ இன்னும் ஏற்றினால் மற்றக் கன்னம் சிவக்கிறது.

ஒரே முகத்தில் இரண்டு நிற வெளிச்சம் விழுந்திருக்கிறது. படம் முழுவதற்குமான ஸ்லைடர் ஒன்றால் இரண்டையும் சரிசெய்யவே முடியாது. தெரு வெளிச்சம் படும் கன்னத்துக்கு Temp, Tint சரியாக இருக்கும்படி விட்டுவிட்டு, மற்றதை அந்த இடத்துக்கு மட்டுமான வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க் பகுதியில் பிரஷ் எடுத்து, ஓரம் நன்றாக மங்கும்படி Feather-ஐ 100-இல் வைத்து, பூச்சு மெதுவாக ஏறும்படி Flow-ஐ 40 அளவில் வைத்துச் சுவர்ப் பக்கத்துக் கன்னம், தாடை ஓரம், காது, கழுத்து ஆகியவற்றில் பூசுங்கள். அந்த மாஸ்குக்கு மட்டும் Tint +10, Saturation −10. பச்சை மறைந்தால் போதும், இரண்டு கன்னமும் அச்சு அசலாக ஒன்றாக வேண்டியதில்லை. பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் முகத்தில் துளிப் பச்சை இருப்பது இயற்கை. அறவே எடுத்துவிட்டால் ஆளை வெட்டிச் சுவர்மேல் ஒட்டியதுபோல் தெரியும்.

சட்டையின் சுவர்ப் பக்கத்துத் தோளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெள்ளைத் துணியில்தான் பச்சை முதலில் கண்ணுக்குத் தெரியும். அதே பிரஷ்ஷால் அங்கேயும் ஒரு வீச்சு போட்டுவிடுங்கள்.

நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்த படங்களிலும், கல்யாண மண்டபத்தில் ஒரு பக்கம் சன்னல் ஒளியும் மறுபக்கம் மஞ்சள் விளக்கும் விழும் படங்களிலும் இதே முறைதான்.

பிரீசெட் போட்டால் நம் ஊர் முகங்கள் சாம்பல் பூசியதுபோல் ஆகின்றன. ஏன்?

பிரீசெட் என்பது யாரோ ஒருவர் தம்முடைய படத்துக்குப் பொருத்தமாக நகர்த்தி வைத்த ஸ்லைடர்களின் பட்டியல். உங்கள் படத்தின் வெளிச்சத்தையோ ஆளின் நிறத்தையோ அது பார்ப்பதில்லை. பல பிரீசெட்டுகளில் Orange நிறத்தின் Saturation-ஐ இறக்கி, Luminance-ஐ ஏற்றி வைத்திருப்பார்கள். வெளிர் தோலுக்கு அது பீங்கான் மாதிரி ஒரு மென்மை கொடுக்கும். மாநிறத் தோல் என்பதே அடர்ந்த செம்மஞ்சள்தான். அதில் இருக்கும் செம்மஞ்சளை உறிஞ்சினால் மிஞ்சுவது சாம்பல்.

இது புதிய கதையும் இல்லை. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கொடாக் அனுப்பிய அட்டைக்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். பல ஆண்டுகள் அதில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள்தான். அந்த முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் விவரமில்லாமல் வந்ததை அந்த அட்டை காட்டிக்கொடுக்கவில்லை.

பிரீசெட் பிடித்திருந்தால் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்துவிட்டுப் போடுங்கள். போட்டதும் Color Mixer-இல் HSL பகுதிக்குப் போய் Orange வரிசையின் Hue, Saturation, Luminance மூன்றையும் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான நேரம் முகத்துக்கு உயிர் திரும்பிவிடும்.

படத்தில் இருப்பவர் ‘கொஞ்சம் கலராக்கித் தாங்க’ என்கிறார். என்ன செய்வது?

அவர் கேட்பது பெரும்பாலும் வெளிச்சம். சுமாரான படங்களில் தம் முகம் இருட்டாக வந்து பழகியவர்கள் அதை ‘கறுத்துவிட்டேன்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். முகத்துக்கு மட்டும் +0.25 வெளிச்சம் கொடுத்துக் காட்டுங்கள். பத்தில் எட்டுப் பேர் ‘இதான், இதான்’ என்று சொல்லிவிடுவார்கள்.

Orange-இன் Luminance-ஐ ஏற்றி வெளுக்க வைப்பது எங்கள் கருத்தில் கெட்ட வேலை, கைவேலையாகப் பார்த்தாலும் கெட்டதுதான். முகம் வெளுக்கும், கை அதே அளவு வெளுக்காது. கழுத்தில் கோடு விழும். தேக்குக் கதவும் செங்கல்லும் சேர்ந்து வெளிறும். பக்கத்தில் நிற்கும் அண்ணன் தம்பிக்கும் இவருக்கும் உறவே இல்லாததுபோல் ஆகிவிடும்.

கிராப் எங்கே செய்ய வேண்டும்?

மூட்டில் வெட்டாதீர்கள். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், விரல்நுனி ஆகிய இடங்களில் சட்டம் முடிந்தால் உறுப்பு அறுந்ததுபோல் தெரியும். மேல்கைக்கு நடுவிலோ தொடைக்கு நடுவிலோ முடியட்டும். கோணலை நிமிர்த்தும்போது ஆளின் தோளைப் பார்க்க வேண்டாம், திண்ணைத் தூணைப் பாருங்கள். தோள் சாய்ந்திருக்கலாம், தூண் சாயக் கூடாது. 4×6, 5×7, 8×10 அங்குலப் பிரிண்டுகளின் நீள அகல விகிதங்கள் வேறுவேறு. அதனால் பிரிண்ட் போடப் போகிற படத்தில் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், இல்லையென்றால் லேபில் உச்சி போய்விடும்.

பரு, மரு, தழும்பு, சுருக்கம்: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவதை எடுக்கலாம். பரு, கொசுக்கடி, சவரத்தில் பட்ட கீறல், சட்டையில் ஒட்டிய நூல், மீசையில் ஒட்டிய சோற்றுப் பருக்கை. போகாததை விட்டுவிடுங்கள். மச்சம், அம்மைத் தழும்பு, மருவெல்லாம் அவருடைய அடையாளம். எடுக்க வேண்டுமென்றால் அவர் வாயால் கேட்க வேண்டும்.

Q எழுத்தைத் தட்டி, Heal முறையைத் தேர்ந்தெடுங்கள். வட்டம் பருவைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். மென்பொருள் எங்கிருந்து தோலை எடுத்து ஒட்டுகிறது என்று கட்டாயம் பாருங்கள். கன்னத்துப் பருவுக்கு நெற்றித் தோலை எடுத்திருந்தால் துளைகளின் அளவு பொருந்தாது. வட்டத்தை இழுத்து, அதே கன்னத்தில் அதே வெளிச்சம் உள்ள இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு முறை எடுத்தால் ஒரே புள்ளிக்கோலம் திரும்பத் திரும்ப வரும். பார்ப்பவருக்கு என்னவென்று தெரியாது, ஏதோ உறுத்தும்.

கண்ணுக்குக் கீழ் கருவளையத்தை அழிக்காதீர்கள், இளக்குங்கள். அதே Heal வேலையைச் செய்து Opacity-ஐ 40-க்கு இறக்கினால், வளையம் இருக்கும், அசதி போய்விடும். பெரியவரின் சுருக்கங்களுக்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

திருநீற்றுக்குப் பக்கத்தில் நெற்றி எண்ணெய் வழிவதுபோல் மினுங்குகிறது. எப்படிக் குறைப்பது?

முதலில் அந்த மினுக்கத்தில் விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். கர்சரை வைத்தால் மூன்று எண்களும் 95-க்குக் கீழே, R கொஞ்சமாவது முன்னால் இருந்தால் தோல் இன்னும் அங்கே இருக்கிறது. பிரஷ்ஷால் அந்த இடத்தை மட்டும் பூசி Highlights −30 கொடுங்கள், அடங்கிவிடும்.

மூன்றும் 100 என்றால் அங்கே பெரும்பாலும் எதுவும் பதிவாகியிருக்காது. அப்படியானால் Highlights-ஐ இறக்க இறக்க அது அழுக்குச் சாம்பல் திட்டாக மாறும். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அங்கே Heal முறையில் பக்கத்துத் தோலை ஒட்டி Opacity-ஐ 50 அளவில் வையுங்கள். மினுக்கத்தை முழுக்கத் துடைக்க வேண்டாம். மாநிறத் தோலில் முகத்தின் உருண்டையைக் காட்டுவதில் பாதி வேலை அந்த மினுக்கத்துடையது.

தோலை வழவழப்பாக்க Clarity-ஐக் குறைத்தேன், மெழுகு பொம்மையாகிவிட்டது.

Clarity பெரிய அளவு வெளிச்ச மாற்றங்களைத் தொடுகிறது. அதைக் குறைத்தால் கன்ன மேடு, தாடைக் கோடு எல்லாம் கரைகின்றன. உங்களுக்கு வேண்டியது Texture. அது நடுத்தர அளவுள்ள சொரசொரப்பைத்தான் பெரிதும் குறிவைக்கிறது. மாஸ்க் பகுதியில் People என்பதைச் சொடுக்கி, Face Skin மட்டும் தேர்ந்தெடுத்து, Texture −15 கொடுங்கள். இளம் வயதினருக்கு −20 வரை போகலாம்.

படத்தை 100% அளவுக்குப் பெரிதாக்குங்கள். மூக்குக்குப் பக்கத்தில் தோல் துளைகள் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் கூடிவிட்டது. Face Skin மாஸ்க் சில நேரம் மீசை ஓரத்தையும் புருவத்தையும் விழுங்கிவிடும். மாஸ்க் விழுந்த இடத்தைக் காட்டும் சிவப்புப் படலத்தைப் பார்த்து அங்கே கழித்துவிடுங்கள்.

முகத்தை மட்டும் எடுப்பாகக் காட்ட எளிய வழி?

ஒரு Radial Gradient. முகத்தைவிடக் கொஞ்சம் பெரிய முட்டை வடிவம், Feather 90, Exposure +0.25. அவ்வளவுதான். +0.5-க்கு மேல் போனால் காதுக்குப் பின்னாலுள்ள சுவரிலும் வெளிச்ச வளையம் விழும், சாமி படத்துத் திருவாசி மாதிரி.

முகத்தை ஏற்றுவதைவிடச் சுற்றியிருப்பதை இறக்குவது பல நேரம் இயல்பாக இருக்கும். பெரியவரின் படத்தில் முகத்துக்கு +0.15 மட்டும் கொடுத்துவிட்டு, வேட்டியின் கீழ்ப்பகுதிக்கு ஒரு Linear Gradient போட்டு −0.40 இறக்கினோம். வேட்டி கண்ணை இழுப்பது நின்றது.

கண்களுக்கு எவ்வளவு?

நினைப்பதில் பாதி. கருவிழிக்கு Exposure +0.30, வெண்விழிக்கு Saturation −15, வெளிச்சம் தொட வேண்டாம். வெண்விழியைத் தூய வெள்ளையாக்கினால் முகத்தில் இரண்டு ஓட்டை போட்டதுபோல் இருக்கும். மாநிறத்தவர்களுக்கு வெண்விழியில் இலேசான பழுப்புத் திட்டு இருப்பது இயல்பு. வயதானவர்களுக்குக் கருவிழியின் ஓரத்தில் சாம்பல் வளையம் தெரியலாம், அதுவும் முகத்தைச் சேர்ந்தது. கண்ணில் தெரியும் வெளிச்சப் புள்ளி படத்தில் இருந்தால் காப்பாற்றுங்கள், இல்லையென்றால் வரைந்து வைக்காதீர்கள்.

ஃபோனில் எடுத்த ஜேபெக் படம்தான் இருக்கிறது. இதெல்லாம் செய்ய முடியுமா?

வரிசை அதேதான், இடம்தான் குறைவு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. அதனால் ஜேபெக்கில் +0.7 வரை வெளிச்சம் ஏற்றலாம், +1.5 போனால் கன்னத்தில் படிக்கட்டுபோல் நிறத் திட்டுகள் தெரிய ஆரம்பிக்கும். வெளுத்துப்போன சட்டை திரும்பி வராது. Temp ஸ்லைடரும் கெல்வின் எண்ணைக் காட்டாமல் −100-இலிருந்து +100 வரை ஓடும், ஐந்து ஐந்தாக நகர்த்துங்கள்.

ஃபோன் கேமராவில் ‘பியூட்டி’ வசதி இருந்தால் எடுப்பதற்கு முன்பே சுழியமாக்குங்கள். ஃபோன் ஏற்கெனவே தேய்த்த தோலில் Texture குறைப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

முடித்த படத்தை sRGB நிற வெளியில், நீளப் பக்கம் 2048 பிக்சல், தரம் 85 என்று சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் இரண்டு வேறு ஃபோன்களில் பாருங்கள். ஒன்றில் மட்டும் முகம் செக்கச் செவேலென்று தெரிந்தால், அந்த ஃபோனின் திரை ‘விவிட்’ முறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு Temp-இல் கை வையுங்கள்.